மூன்று சக ஐ

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கூட்டல் குறியைச் 'சக' என்றுதான் வாசிப்போம். கழித்தல் குறி 'சய'. கரும்பலகையில் 3 + i என்று எழுதினால் பிள்ளைகள் 'மூன்று சக ஐ' என்று ஒரே குரலில் பாடுவார்கள். சக ஆசிரியை என்ற சொல்லில் வருவதும் அதே 'சக' தான். கூட நிற்பவள் என்று அர்த்தம். எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். இப்போது அவளைப் பற்றிக் கதைக்க வாயைத் திறந்தால் எனக்குச் 'சய' என்றுதான் வருகிறது. வரட்டும், நான் ஒன்றும் மலக்கு இல்லை, மனுஷிதான்.

இரண்டு பேரும் புத்தளத்தில் தில்லையடிப் பக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தோம். அவள் கண்டக்குழிக்காரி. குடும்பமே தோணியும் வலையுமாக வாழ்ந்தது. யுத்தம் முடிந்த பிறகு அவளுடைய அண்ணன், அவள் நானா என்பாள், கடற்கரைக் காணியில் சில அறைகளைக் கட்டி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டார். அவள் பல்கலைக்கழகம், எங்கள் வாயில் கெம்பஸ், போய்க் கணிதம் படித்தவள். நான் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்தில் வந்து இறங்கிய பிள்ளை. பட்டமும் வெளிவாரிப் பட்டம்தான். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு அடுப்படியில் படித்தது. எனக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் அவள்.

அந்த வருஷம் எங்கள் கல்வி வலயத்தில் கணிதத்துக்கு ஓர் ஆசிரிய ஆலோசகர் பதவி வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மற்ற ஆசிரியர்களுக்கு வழி காட்டுகிற வேலை. பெருமைக்காக நான் அதற்கு ஆசைப்படவில்லை. யுத்தம் முடிந்ததோடு எங்களைப் போல வடக்கிலிருந்து வந்த ஆசிரியர்களைத் திருப்பி அனுப்பும் கதை தொடங்கிவிட்டது. "இனி நீங்க உங்கட ஊருக்குப் போகலாம்தானே" என்று சந்தையில் மீன் விற்பவர்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். எது என் ஊர்? என்னைக் கட்டிய மாப்பிள்ளை பாலாவியில் உப்பு லொறி ஓட்டுகிறார். மகள் அப்போதுதான் முதலாம் வகுப்பு. மன்னாரில் எனக்கு இருந்தது கூரையில்லாத நாலு சுவர். அந்தப் பதவி கிடைத்தால் நான் இந்த வலயத்து ஆள், இடமாற்றம் இல்லை. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவளும் விண்ணப்பித்தாள். ஒளிக்கவில்லை. "உனக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரித்தான் புள்ள. உன்னப் போக விடுவனா நான்?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு வந்தது சிக்கலெண் அறிமுகம். புத்தகத்தில் அது எப்படித் தொடங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். x² + 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு மெய் மூலம் இல்லை, ஆகவே மறை ஒன்றின், அதாவது −1 இன், வர்க்கமூலத்தை i என்று வைத்துக்கொள்வோம். இப்படித் தொடங்கினால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். என் வகுப்பில் ஒரு துடுக்குக்காரி எழும்பி, "மூலம் இல்லாட்டி இல்லண்டு சொல்லிட்டுப் போறதுதானே டீச்சர், என்னத்துக்கு இல்லாத ஒண்ட உண்டாக்கிற?" என்று கேட்டாள். இருபடியில் உண்மையிலேயே அவள் சொன்னதுதான் சரி. வரைபு x அச்சைத் தொடவில்லை, மூலம் இல்லை, கதை முடிந்தது.

i இல்லாமல் முடியவே முடியாது என்று காட்டக்கூடிய இடம் முப்படியில் இருக்கிறது. அதை நான் தேடிக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீடெல்லாம் 'கனமூலம், கனமூலம்' என்று முணுமுணுத்துத் திரிந்தேன். கன என்றால் எங்கள் கதையில் நிறைய என்றுதான் அர்த்தம். மாப்பிள்ளை சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, "கன மூலமா? ஏன் இத்தன நாளாச் சொல்லல்ல? நாளைக்கே டொக்டரிட்டப் போவம்" என்றார். அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சோற்றில் ஊற்றின ஆணம் ஆறிப்போனது.

x² உறுப்பு இல்லாத முப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். x³ = 6x + 9. x என்பதை u + v என்று இரண்டாக உடைக்கிறோம். u + v ஐக் கனப்படுத்தினால் u³ + v³ உம் 3uv தடவை u + v உம் வரும். அதாவது x³ = 3uv·x + (u³ + v³). ஆகவே நமக்குத் தேவை 3uv = 6, u³ + v³ = 9. uv இரண்டு என்றால் u³, v³ இரண்டின் பெருக்கம் எட்டு, கூட்டுத்தொகை ஒன்பது. எட்டும் ஒன்றும். கனமூலம் எடுத்தால் இரண்டும் ஒன்றும். x = 3. போட்டுப் பாருங்கள், 27 = 18 + 9. அவ்வளவு சுகம்.

இப்போது x³ = 30x + 36. அதே வழி. uv = 10, ஆகவே u³, v³ இரண்டின் பெருக்கம் ஆயிரம், கூட்டுத்தொகை முப்பத்தாறு. இருபடியைத் தீர்த்தால் 18 சக அல்லது சய √(324 − 1000). உள்ளே மறை 676. 26 இன் வர்க்கம் 676. ஆகவே 18 ± 26i. இந்த இடத்தில் அந்தத் துடுக்குக்காரி 'மூலம் இல்லை' என்று கொப்பியை மூடுவாள். ஆனால் மூலம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது: x = 6. 216 = 180 + 36. மற்ற இரண்டும் −3 + √3, −3 − √3. மூன்றும் மெய். வரைபு அச்சை மூன்று இடத்தில் வெட்டுகிறது. ஒரு மூலம்கூடக் கற்பனை இல்லை. ஆனாலும் சூத்திரம் அங்கே போக வேண்டுமென்றால் இடையில் i என்ற தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

இது தற்செயலும் இல்லை. ஒரு மெய்யெண்ணுக்குக் கனமூலம் மூன்று. அதில் ஒன்றுதான் மெய், மற்ற இரண்டும் சிக்கலெண். u உம் v உம் வெவ்வேறான மெய்யெண்களாக இருந்தால் அவற்றின் கூட்டல் ஒரு மெய் மூலத்தைத் தரும். மிச்சம் இரண்டிலும் i ஒட்டிக்கொண்டே வரும். x³ = 6x + 9 இல் நடந்தது அதுதான். ஆகவே வெவ்வேறான மூன்று மூலங்களும் மெய்யாக வேண்டுமென்றால் u உம் v உம் மெய்யாக இருக்கவே முடியாது. அவை சிக்கலெண் சோடியாக, ஒன்றில் சக i என்றால் மற்றதில் சய i ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் மூன்று கனமூலங்களையும் அதனதன் சோடியோடு கூட்டும்போது மூன்று தடவையும் i வெட்டுப்பட்டுப் போகும். மூன்று மெய் கேட்டால் நடுவில் பொய் வழியாகத்தான் போக வேண்டும் என்று பாடத்தில் ஒரு பகிடியும் வைத்தேன். பகிடியாகத்தான் சொன்னேன், அல்லாஹ் அறிவான்.

ஒரு சனிக்கிழமை கண்டக்குழியில் அவளுடைய நானாவின் அறைகளுக்கு முன்னால் பாடத்தை நடத்திப் பார்த்தோம். அன்றைய காற்றையும் பகல் சாப்பாட்டையும் எழுதி வைக்கிற கரும்பலகை ஒன்று அங்கே இருந்தது. 'இறால், சோறு, காற்று நல்லம்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவளே தன் முந்தானையால் துடைத்தாள். நான் நடத்தினேன். அவள் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றபடி கேட்டாள். 18 + 26i இன் கனமூலம் 3 + i என்று எழுதி, கனப்படுத்திச் சரிபார்த்து, 3 சக ஐயையும் 3 சய ஐயையும் கூட்டி ஆறு என்று முடித்தேன்.

"சுபஹானல்லாஹ்! புள்ள, இது நீயே கட்டின கணக்கா?" என்றாள்.

"ஓம். 3 + i இல இருந்து பின்னால போய்க் கட்டினது. அதுலதான் ஒரு பயமும் இருக்கு."

"என்ன பயம்?"

என் பயத்தை அவளிடம் முழுக்கக் கொட்டினேன். 18 + 26i ஐ மட்டும் ஒருவர் தந்து கனமூலம் எடு என்றால் எனக்கு எடுக்கத் தெரியவில்லை. a + bi என்று வைத்து, a³ − 3ab² = 18 என்று எழுதி, uv, அதாவது a² + b², 10 என்பதால் b² = 10 − a² என்று பிரதியிட்டால் 4a³ − 30a = 18 வருகிறது. இரண்டால் பெருக்கி 2a ஐ x என்று எழுதினால்? x³ = 30x + 36. புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்து நிற்கிறேன். நான் எங்கோ பிழை விடுகிறேன், வெளிவாரிப் பட்டக்காரிக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது என்று நினைத்தேன். "3 + i எங்க இருந்து வந்ததெண்டு யாரும் கேட்டா நான் நாறிப்போவன்" என்றேன்.

அவள் கரும்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஒருத்தரும் கேக்கமாட்டாங்க புள்ள. சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்கொள்ளாத" என்றாள். மீன் பொரியல் எடுத்து வந்து வைத்தாள். எனக்கு முள்ளெடுத்துக்கூடத் தந்தாள்.

தேர்வு எங்கள் பள்ளிக்கூடத்தில், எங்கள் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே நடந்தது. வலயப் பணிப்பாளரும், குருநாகலிலிருந்து வந்த பாட அதிகாரியும் முன்னால் இருந்தார்கள். விண்ணப்பித்தவர்கள் மற்றவர்களின் பாடத்தையும் பார்க்கலாம் என்றார்கள். முதலில் அவள் நடத்தினாள், வகையீடு, வழக்கமான பாடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அவள் பின்வரிசை வாங்கில் போய் இருந்தாள், நான் எழும்பினேன். இப்படி ஒரு பாடத்தை நான் அதற்கு முன்னும் நடத்தவில்லை, பின்னும் நடத்தவில்லை. x = 6 சரியான மூலம் என்று காட்டி, சூத்திரத்தில் √−676 வந்து நின்றபோது வகுப்பில் பிள்ளைகள் 'ஆ' என்றார்கள். மற்ற இரண்டு மூலங்களும் மெய் என்று காட்டியபோது பாட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தார். கூட்டிக் கழித்து i மறைந்து ஆறு வந்ததும் பணிப்பாளரே கை தட்டினார். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மகளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்றுகூட யோசித்தேன்.

"வேற யாருக்கும் கேள்வி இருக்கா?" என்று பணிப்பாளர் வழக்கத்துக்குக் கேட்டார்.

பின்வாங்கிலிருந்து ஒரு கை எழும்பியது.

"டீச்சர்," என்றாள். என்னை அவள் டீச்சர் என்று அதுவரை கூப்பிட்டதே இல்லை. "அந்த 3 + i உங்களுக்கு எப்பிடித் தெரிய வந்த? சரிபார்த்துக் காட்டினீங்க, சரி. கண்டுபிடிக்கிற முறையையும் ஒருக்கா செஞ்சு காட்டினா பிள்ளைகளுக்கு நல்லம்."

அவள் முகத்தைப் பார்த்தேன். பாடத்தில் அக்கறை உள்ள ஓர் ஆசிரியையின் முகம். அடிப்பாவி, என் நெஞ்சுக்குள் கையை விட்டு நான் காட்டிக்கொடுத்த இடத்திலேயே பிடித்தாள்.

வேறு வழியில்லை, எழுதினேன். a³ − 3ab². b² = 10 − a². 4a³ − 30a = 18. x³ = 30x + 36 என்று எழுதியதும் கையை நிறுத்தினேன். பாட அதிகாரி, "அப்ப விடை தெரிஞ்சாத்தான் விடை எடுக்கலாம்?" என்று தன் சிங்களத் தமிழில் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டிருப்பார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தத் துடுக்குக்காரி மட்டும் சிரிக்கவில்லை. நான் "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பதவி அவளுக்குக் கிடைத்தது. எனக்கு மன்னார் கிடைத்தது.

வழியனுப்ப அவள் வீட்டுக்கு வந்தாள். "நான் உன்னக் கவுக்கக் கேக்கல்ல புள்ள, நீ சமாளிச்சிருவாய்ண்டு நெனச்சன். பணிப்பாளர் கேக்கிறதுக்கு முந்தி நான் கேட்டா லேசுண்டு பார்த்தன்" என்றாள். எனக்கும் விடை தெரியாதது, உனக்கும் தெரியாதது, அதைப் போய்க் கேட்டிருக்கிறாயே என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் தெரியாதுதான்" என்றாள். அந்த ஒரு சொல்லில் நான் கொஞ்சம் இளகினேன். தெரியாமல் கேட்டவள், வாய் தவறியவள், போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மன்னாரில் இருந்த வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி, அனுராதபுரத்தில் இறங்கி, மாறி, பாலாவிக்கு வந்து சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். ஞாயிறு திரும்பப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னதற்கு அவள், 'என் உம்மா சனிக்கிழமை இருப்பார்' என்று எழுதினாள். மாப்பிள்ளை அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தலைவாரி விடப் போனால், "வாப்பா வேற மாதிரிச் சீவுவார்" என்று தலையை இழுத்துக்கொள்வாள். அந்தத் தலையிழுப்பை யார் எனக்கு ஈடுகட்டுவது?

கடைசியில் மேன்முறையீடு, சிபாரிசு, துஆ எல்லாவற்றாலும் புத்தளத்துக்குத் திரும்பினேன். வந்த அந்தத் தவணையிலேயே கணித ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு. நடத்தியவள் அவள்தான். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது, குரலில் அதிகாரம் ஏறியிருந்தது. நான் பின்வாங்கில் இருந்தேன்.

"சிக்கலெண்ண எப்பிடி அறிமுகப்படுத்திற?" என்று கேட்டுவிட்டுக் கரும்பலகையில் எழுதினாள். x³ = 30x + 36.

u சக v. பெருக்கம் ஆயிரம். 18 சக 26 ஐ. நான் வைத்த ஒழுங்கில், நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, என் பகிடியையும் சொன்னாள்: மூன்று மெய் கேட்டால் நடுவில் பொய் வழியாகத்தான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு புது ஆசிரியை, சின்னப் பிள்ளை மாதிரி முகம், பயந்து பயந்து கையை உயர்த்தினாள். "மெடம், அந்த 3 + i எங்க இருந்து வந்த?"

இவளும் தெரியாமல் முழிக்கட்டும் என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

அவள் முழிக்கவில்லை. அழகாகச் சிரித்தாள். "நல்ல கேள்வி மகள். இதுல பிழை உங்கள்ல இல்ல, சூத்திரத்தில. a, b வச்சுத் தேடினா சுத்திச் சுத்தி அதே முப்படிக்குத்தான் வரும். இந்தக் கணக்குல ஆறு எண்ட விகிதமுறு மூலம் இருக்கிறதால ஊகிச்சுப் பிடிக்கலாம். அப்பிடி ஒரு விகிதமுறு மூலமும் இல்லாத முப்படியில, மூண்டும் மெய்யா இருந்தா, மெய்யெண் மூலக்குறிய மட்டும் வச்சு விடைய எழுதவே ஏலாது. அது நிறுவப்பட்ட விசயம். பெறுமானம் வேணுமெண்டா கோணத்த மூண்டாப் பிரிச்சு cos போட்டு எடுக்கலாம். ஆகவே ஆராவது உங்களக் கேட்டா பயப்படாதீங்க. இத விட்டா வேற வழி இல்ல, அதுதான் பாடமே எண்டு சொல்லுங்க."

அந்தப் பிள்ளை மலர்ந்துபோய், "இவ்வளவையும் எங்க மெடம் படிச்சீங்க?" என்றாள்.

"கெம்பஸ்ல. ரெண்டாம் வருசத்திலயே எங்கட சேர் இதக் கேட்டுக் கேட்டு எங்கள அறுத்தெடுத்திட்டார்" என்றாள்.

கெம்பஸ். கண்டக்குழிக் கரும்பலகைக்கும், முள்ளெடுத்துத் தந்த மீனுக்கும், 'எனக்கும் தெரியாதுதான்' என்ற குனிந்த தலைக்கும் எத்தனையோ வருஷம் முந்தி. நான் என் பயத்தைக் கொட்டியபோது பதில் அவள் வாயில் பாணோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. ஒரு வாக்கியம். 'இத விட்டா வேற வழி இல்ல, அதுதான் பாடமே.' அதை எனக்குச் சொல்லியிருந்தால் நான் கரும்பலகைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றிருப்பேன். என் மகள் என்னைச் சனிக்கிழமைக்கு மட்டும் உரியவளாக எழுதியிருக்கமாட்டாள்.

"வேற யாருக்கும் கேள்வி இருக்கா?" என்று கேட்டபடி அவள் கண்ணை ஓட்டினாள். அப்போதுதான் என்னைக் கண்டாள். சிரிப்பு அப்படியே நின்றது.

நான் கையை உயர்த்தினேன்.

"மெடம், சமன்பாடு சோக்கா இருக்கு. வர்க்கமூலம் சரியா இருபத்தாறு வருது, கனமூலம் சரியா 3 சக ஐ வருது. இப்பிடி ஒண்டு தானா வராது. இந்த முப்பது x சக முப்பத்தாறு உங்களுக்கு எங்க இருந்து வந்த?"

மண்டபம் அவளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, சோக் கட்டியைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். இப்போதாவது சொல்லுவாள் என்று என் பைத்தியக்கார மனம் காத்துக்கொண்டிருந்தது.

"எங்கயோ கண்டது டீச்சர்," என்றாள். "சரியா ஞாபகம் இல்ல."

பிறகு டஸ்டரை எடுத்து, என் சமன்பாட்டைத் துடைத்துவிட்டு, தேத்தண்ணிக்குப் போகலாம் என்றாள்.